ஸ்கேன் செய்த பழைய படச்சுருளில் துடிக்கும் வெளிச்சம்: சுவரைக் கெடுக்காமல் திருத்துவது எப்படி?

கேள்வி: "அப்பா 1974-ல் எடுத்த சூப்பர் 8 சுருள் ஒன்றை ஸ்கேன் செய்து வாங்கினோம். எல்லாம் வீட்டு வாசலில் எடுத்த காட்சிகள். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் ஏறி இறங்கித் துடிக்கிறது. FFmpeg-இல் deflicker=size=30 போட்டதும் துடிப்பு குறைந்தது. ஆனால் தாத்தா வெள்ளை வேட்டியோடு குறுக்கே நடக்கும்போது பின்சுவர் மெல்ல இருண்டு, அவர் போனதும் தெளிகிறது. சுவரைக் கெடுக்காமல் துடிப்பை மட்டும் எடுக்க வழி உண்டா?"

உண்டு. முதலில் சுவர் ஏன் இருள்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அந்தக் காரணத்திலேயே தீர்வும் இருக்கிறது. deflicker வடிகட்டி ஒவ்வொரு ஃபிரேமின் மொத்தப் பரப்புக்கும் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் கொடுத்த 30 ஃபிரேம் அளவுக்கு அந்தச் சராசரிகளின் சராசரியை எடுத்து, இந்த ஃபிரேமும் அதற்குச் சமமாகும்படி எல்லாப் புள்ளிகளையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. சராசரி ஏன் ஏறியது என்பது அதற்குத் தெரியாது. காமிராவுக்குள் கூடுதல் வெளிச்சம் புகுந்ததாலும் ஏறலாம், வெள்ளை வேட்டி காட்சிக்குள் வந்ததாலும் ஏறலாம். இரண்டையும் அது ஒரே குற்றமாக எடுத்துக்கொண்டு ஒரே தண்டனை தருகிறது.

எண்களில் பார்த்தால் விளங்கும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 1 என்ற அளவில் உங்கள் காட்சி முழுவதும் சராசரியாக 0.30 என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவின் வேட்டி 0.75 வெளிச்சத்தில் திரையின் எட்டில் ஒரு பங்கை அடைத்தால், மொத்தச் சராசரி ஏறத்தாழ 0.356 ஆகிவிடும். சுவரில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. ஆனாலும் கணக்கின்படி காட்சி 19 சதவீதம் பிரகாசமாகிவிட்டது. அதை முழுதாகத் திருத்தினால் சுவர் 0.30-லிருந்து 0.25-க்கு இறங்கும். அவர் நடக்க நடக்க அந்த 30 ஃபிரேம்களின் சராசரியும் ஏறுவதால் இதில் ஒரு பகுதிதான் நடக்கும். அந்தப் பகுதியே நீங்கள் கண்ட இருட்டு.

size எண்ணைக் குறைத்தால் இந்தக் கோளாறு குறையும், ஆனால் துடிப்பும் திரும்பி வரும். இடையில் நல்ல எண் ஒன்று கிடைக்கும் என்று தேடாதீர்கள். அளவெடுக்கும் இடமே தவறாக இருக்கும்போது எந்த எண்ணும் சரிவராது. இந்த வடிகட்டிக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. காட்சி வெட்டு எங்கே வருகிறது என்பது அதற்குத் தெரியாததால், வெட்டின் ஓரத்தில் உள்ள ஃபிரேம்கள் அடுத்த ஷாட்டின் வெளிச்சத்தைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொள்ளும். மேலும் அது ஒளிர்வை மட்டும் மாற்றி நிறத் தகவலைத் தொடாமல் விடுகிறது. அதனால் இருண்ட ஃபிரேமைத் தூக்கும்போது நிறம் சற்று வெளிறியும், பிரகாசமான ஃபிரேமை இறக்கும்போது சற்று அடர்ந்தும் தெரியும். கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு இது பொருட்டல்ல. வண்ணச் சுருளில் கவனித்தால் தெரியும்.

ஆகவே வேலையின் மையம் இதுதான்: காட்சியில் மாறாத ஒரு பொருளை மட்டும் அளந்து, அந்த அளவை வைத்து முழு ஃபிரேமையும் திருத்த வேண்டும். உங்கள் ஷாட்டில் அந்தப் பொருள் சுவர். ஆனால் அதற்கு முன் இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். இவற்றைத் தாண்டிப்போய்விட்டு, திருத்த முடியாத கோப்போடு நாள்கணக்கில் போராடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

முதல் சோதனை, துடிப்பு படச்சுருளில் இருக்கிறதா அல்லது ஸ்கேனில் ஏற்பட்டதா என்பது. சூப்பர் 8 படத்தின் ஒரு ஓரத்தில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அருகே ஒரு சிறு துளை இருக்கும். ஸ்கேன் கொஞ்சம் அகலமாக எடுக்கப்பட்டிருந்தால் அந்தத் துளையும் கோப்பில் தெரியும். துளையில் பிலிம் கிடையாது. அதன் வழியே வருவது ஸ்கேனரின் விளக்கொளி மட்டுமே. படம் துடிக்கும்போது துளையின் வெளிச்சமும் அதே தாளத்தில் துடித்தால் குற்றவாளி ஸ்கேனர். படத்தில் வேட்டி வரும்போது துளை மங்குகிறது, இருண்ட காட்சி வரும்போது துளை தெளிகிறது என்றால் ஸ்கேனரின் தானியங்கி எக்ஸ்போஷர் வேலை செய்திருக்கிறது. துளை அசையாமல் படம் மட்டும் துடித்தால் அது பிலிமிலேயே உள்ளது. ஒரு எச்சரிக்கை: துளை முழு வெள்ளையாக நிரம்பி வழிந்திருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது, ஏனென்றால் உச்சத்தில் முட்டிய வெள்ளை துடித்தாலும் கோப்பில் பதியாது. அப்போதும், துளை தெரியாத ஸ்கேனிலும், உள்ள வழி ஒன்றுதான். ஒரு நிமிடத் துண்டை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லி, இரண்டின் துடிப்பும் ஒரே ஃபிரேம்களில் விழுகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் பிலிம், போகாவிட்டால் ஸ்கேனர்.

ஸ்கேனர்தான் காரணம் என்றால் திருத்தப் புகாதீர்கள். எக்ஸ்போஷரை ஒரே நிலையில் பூட்டி மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சில இடங்களில் ஸ்கேன் என்ற பெயரில், திரையில் ஓடும் படத்தை வீடியோ காமிராவால் எடுத்துத் தருகிறார்கள். புரொஜக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் மூடியில் மூன்று இதழ்கள் இருந்தால், விநாடிக்கு 18 ஃபிரேம் ஓடும்போது திரையில் 54 முறை ஒளி அடிக்கும். 50 என்ற கணக்கில் இயங்கும் காமிரா அதைப் படம் பிடித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும் அலையாகப் பதிந்துவிடும். அந்த அலை நிற்காமல், ஷாட் மாறினாலும் மாறாமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். சுருள் கையில் இருக்கும்வரை அதற்குச் சரியான மருந்து, ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும் ஸ்கேன்தான்.

இரண்டாவது சோதனை, கோப்பில் உள்ள ஒவ்வொரு ஃபிரேமும் பிலிமில் உள்ள ஒரு ஃபிரேமா என்பது. தொலைக்காட்சியில் ஓடட்டும் என்று 18-ஐ 25 ஆக்கித் தருவது வழக்கம். அப்படிச் செய்தால் விநாடிக்கு ஏழு ஃபிரேம்கள் இரட்டிக்கும், அல்லது பக்கத்து ஃபிரேம்கள் இரண்டு கலந்து ஒன்றாகும். இரட்டித்தது என்றால் தப்பித்தோம், அவற்றை நீக்கிவிடலாம். கலந்தது என்றால் இரண்டு வேறு எக்ஸ்போஷர்கள் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பிரிக்க முடியாது. வேகமாக வீசும் கையை நிறுத்திப் பாருங்கள். கைக்கு இரண்டு விளிம்புகள் தெரிந்தால் கலந்திருக்கிறது. அப்போது ஸ்கேன் செய்தவரிடம், வேகம் மாற்றாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். 16 பிட் டிஃப் படங்களாகக் கிடைத்தால் மிக நல்லது.

இவை இரண்டும் தேறிவிட்டால் அளவெடுக்கலாம். சுருளை ஷாட் ஷாட்டாகத் துண்டு போடுங்கள். சுருள் முழுவதற்கும் ஒரே கணக்கைப் போடக் கூடாது. காமிராவை நிறுத்தித் தொடங்கிய ஒவ்வொரு இடமும் தனி ஷாட். பிறகு சுவரில் யாரும் குறுக்கிடாத, அதிக வெள்ளையும் அதிக இருட்டும் இல்லாத ஒரு செவ்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபிரேமின் ஓரக் கறுப்போ துளையோ அதற்குள் வரக் கூடாது, ஏனென்றால் பிலிம் மேலும் கீழும் ஆடும்போது அவை உள்ளே வந்து போய் அளவைக் குலைக்கும். அந்தச் செவ்வகத்தின் வெளிச்சத்தை மட்டும் இப்படி எழுதி வாங்கலாம்:

```
ffmpeg -i shot03.mov -vf "crop=200:150:60:80,signalstats,metadata=print:key=lavfi.signalstats.YAVG:file=wall.txt" -f null -
```

crop-இல் உள்ள எண்கள் முறையே அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம். wall.txt-இல் ஃபிரேமுக்கு ஓர் எண் வரும். 8 பிட் கோப்பில் அந்த எண் 0 முதல் 255 வரையிலும், 10 பிட் கோப்பில் 1023 வரையிலும் இருக்கும். ஒரு விரிதாளில் போட்டுக் கோடாக வரைந்து பாருங்கள். மூன்று நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறை அச்சு அசலாக ஒரே எண் இரண்டு முறை வந்தால் எச்சரிக்கையாகுங்கள், இரட்டித்த ஃபிரேம்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன.

கோட்டின் வடிவம் நிறையச் சொல்லும். ஷாட்டின் முதல் ஒன்றிரண்டு ஃபிரேம்கள் மட்டும் வெளுத்திருந்தால், மோட்டார் முழு வேகம் எடுப்பதற்குள் பதிவானவை அவை. வேகம் குறைவு என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியில் நிற்கும் நேரம் அதிகம். அவற்றைத் திருத்துவதைவிட வெட்டி எறிவதே நல்லது. ஒன்றிரண்டு விநாடிகளுக்கு மெல்ல ஏறி இறங்கும் அலை என்றால், சூப்பர் 8 காமிராக்களில் இருந்த தானியங்கி ஒளித்துளை காட்சிக்கு ஏற்பத் திறந்து மூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒழுங்கில்லாமல் குதிப்பதே நீங்கள் சொல்லும் துடிப்பு. அதற்கு மூடியின் ஓட்டம், பிலிம் இழுபட்ட விதம், கழுவிய ரசாயனம் என்று பல காரணங்கள் இருக்கலாம். 50 ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் சுருளில் எது காரணம் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. நல்லவேளையாக, திருத்துவதற்கு அது தெரிய வேண்டியதில்லை.

தெரிய வேண்டியவை வேறு. துடிப்பு ஃபிரேம் முழுவதிலும் ஒன்றாக இருக்கிறதா? மூன்று நிறங்களிலும் ஒன்றாக இருக்கிறதா? இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒன்றாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு, இடது ஓரத்தில் ஒரு செவ்வகம், வலது ஓரத்தில் ஒரு செவ்வகம் என்று இரண்டு கோடுகள் வரையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஒரே பெருக்கல் எண் போதும். இடம் ஏறும்போது வலம் இறங்கினால், அல்லது ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு துள்ளினால், ஃபிரேமைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி எண் கண்டு, கட்டங்களுக்கிடையே மென்மையாகக் கலக்க வேண்டியிருக்கும். அது கடினமான வேலை. நிறத்துக்கான விடை கீழே உள்ள நிரலிலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாவது கேள்விக்குப் பின்னால் வருகிறேன், சூப்பர் 8-ல் உண்மையான தொல்லை அங்கேதான் இருக்கிறது.

திருத்தத்தின் கணக்கு எளியது. எக்ஸ்போஷர் கூடினால் காமிராவுக்குள் விழும் ஒளி ஒரு விகிதத்தில் பெருகுகிறது. அதனால் திருத்தமும் பெருக்கலாக இருக்க வேண்டும், கூட்டலாக அல்ல. கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் நேரடி அளவுகள் அல்ல, காமா வளைவின் வழியே எழுதப்பட்டவை. எனவே முதலில் வளைவைப் பிரித்து, பெருக்கி, மறுபடி வளைக்க வேண்டும். சுவரின் அளவு அடுத்தடுத்த ஆறு ஃபிரேம்களில் 0.300, 0.330, 0.291, 0.315, 0.279, 0.303 என்று வந்ததாகக் கொள்ளுங்கள். அவற்றின் சராசரி 0.303. இரண்டாம் ஃபிரேமை 0.918-ஆலும் ஐந்தாம் ஃபிரேமை 1.086-ஆலும் பெருக்கினால் சுவர் நிலைபெறும். நடைமுறையில் இந்தச் சராசரி நிலையாக நிற்காமல், ஷாட்டோடு மெல்ல நகரும் அடிக்கோடாக இருக்க வேண்டும். அப்போதுதான் மேகம் விலகி வெயில் ஏறுவது போன்ற உண்மையான மாற்றம் பிழைக்கும். இந்த வேலையைச் செய்யும் Python நிரல் இது:

```python
import cv2, glob, numpy as np
files = sorted(glob.glob("in/*.tif"))
x, y, w, h = 60, 80, 200, 150          # சுவர்
def load(f):
    im = cv2.imread(f, cv2.IMREAD_UNCHANGED)
    return (im.astype(np.float32) / 65535) ** 2.2
L = np.log([np.median(load(f)[y:y+h, x:x+w], axis=(0, 1))
            for f in files])
k = np.hanning(27)[1:-1]; k /= k.sum()  # 25 ஃபிரேம்
P = np.pad(L, ((12, 12), (0, 0)), mode="reflect")
base = np.stack([np.convolve(P[:, c], k, "valid")
                 for c in range(3)], axis=1)
for f, g in zip(files, np.exp(base - L)):
    out = np.clip(load(f) * g, 0, 1) ** (1 / 2.2)
    cv2.imwrite("out" + f[2:],
                (out * 65535 + 0.5).astype(np.uint16))
```

இது 16 பிட் வண்ண டிஃப் படங்களுக்கு எழுதப்பட்டது. in, out என்ற இரண்டு அடைவுகளையும் முன்பே உருவாக்கிக்கொள்ளுங்கள். செவ்வகத்தின் சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுத்திருப்பதைக் கவனியுங்கள். சுவரின் மேல் ஒரு ஃபிரேமில் மட்டும் வெள்ளைத் தூசி விழுந்திருந்தால் சராசரி அசையும், நடு மதிப்பு அநேகமாக அசையாது. மூன்று நிறங்களுக்கும் தனித்தனி எண் கிடைப்பதால், நீலம் மட்டும் துடிப்பது போன்ற கோளாறும் கூடவே அடங்கிவிடும். 2.2 என்பது வழக்கமான வீடியோ வளைவுக்கு நெருக்கமான எண். லாக் முறையில் ஸ்கேன் செய்த கோப்பு என்றால் இந்த வளைவு பொருந்தாது. அங்கே எண்கள் ஏற்கெனவே மடக்கை வடிவில் இருப்பதால், பெருக்காமல் நேரடியாகக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

25 ஃபிரேம் என்ற நீளத்தை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். 18 ஃபிரேம் வேகத்தில் அது ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஓரங்களுக்கு எடை குறைவாக இருப்பதால் உண்மையில் அதில் பாதி அளவுக்கே வேலை செய்யும். ஃபிரேமுக்கு ஃபிரேம் குதிக்கும் துடிப்பை அது நன்றாக எடுத்துவிடும். இரண்டு விநாடிக்கு மேல் நீளும் அலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த அலையும் தொல்லை தந்தால் நீளத்தை 75 வரை கூட்டிப் பாருங்கள், நிரலில் 27-ஐ 77 ஆகவும் 12-ஐ 37 ஆகவும் மாற்ற வேண்டும். அளவெடுப்பது சுவரை மட்டும் என்பதால் இப்போது நீளத்தைக் கூட்டினாலும் வேட்டி குறுக்கே வந்து கெடுக்காது. நீங்கள் பயன்படுத்திய வடிகட்டியில் இந்தச் சுதந்திரம் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன பெருக்கல், பிலிமின் நடுத்தர வெளிச்சங்களுக்கு மட்டுமே பொருந்தும். வேட்டியின் வெள்ளை பிலிமில் ஏற்கெனவே உச்சத்தில் முட்டியிருந்தால், கூடுதல் எக்ஸ்போஷர் விழுந்த ஃபிரேமில் சுவர் 10 சதவீதம் ஏறியிருக்கும், வேட்டி ஏறியிருக்காது. இப்போது சுவரை நிலைநிறுத்துவதற்காக முழு ஃபிரேமையும் இறக்கினால், அசையாமல் இருந்த வேட்டி சாம்பல் நிறத்துக்கு இறங்கும். அடுத்த ஃபிரேமில் மறுபடி வெளுக்கும். சுவர் அமைதியாகிவிட்டது, துடிப்பு வேட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வீட்டில் காட்டுவதற்கு எடுக்கும் சூப்பர் 8 பெரும்பாலும் நெகட்டிவ் இல்லாத நேர்ப்படச் சுருள். அதில் வெளிச்சங்கள் சீக்கிரமே முட்டிவிடும். வெயிலில் எடுத்த வாசல் காட்சி என்பதால், இது உங்களுக்கு வரும் என்றே எண்ணுகிறேன். திருத்திய பிறகு சுவரைப் பார்க்காதீர்கள், வெள்ளைகளைப் பாருங்கள். வானம், வேட்டி, கோலம் ஆகியவை துடிக்கின்றனவா என்பதே கேள்வி.

துடித்தால், ஒரே எண்ணுக்குப் பதில் ஒரு வளைவு வேண்டும். சுவரைப் போலவே ஒரு வெள்ளைப் பொருளையும் (வானத்தின் ஒரு துண்டு போதும்) ஓர் இருண்ட பொருளையும் (கதவு நிழல் போல) அளந்து, இருட்டுக்கு ஓர் எண், நடுவுக்கு ஓர் எண், வெளிச்சத்துக்கு ஓர் எண் என்று கண்டு, புள்ளியின் வெளிச்சத்துக்கு ஏற்ப அவற்றுக்கிடையே கலந்து பெருக்க வேண்டும். அளப்பதற்கு அப்படிப்பட்ட பொருள் ஷாட்டில் இல்லையென்றால், உச்ச வெளிச்சத்தை நெருங்க நெருங்கத் திருத்தத்தைத் தணித்து, முட்டிய வெள்ளையில் அது 1 ஆகிவிடும்படி செய்யுங்கள். இது தோராயம்தான், ஆனால் கண்ணுக்குப் பெரும்பாலும் போதுமானது. மூன்றாவது வழி, பக்கத்து ஃபிரேம்களின் வெளிச்சப் பரவலையே ஒப்பிட்டு நடுப்பரவலுக்குக் கொண்டுவருவது. பழைய படங்களின் துடிப்புக்காக ஜூலி டெலோன் என்ற பிரெஞ்சுக் கணித ஆய்வாளர் 2006-ல் வெளியிட்ட முறையை ஒட்டியது இது. FFmpeg-இல் tmidequalizer என்ற பெயரில் இதே வகை வடிகட்டி இருக்கிறது. நிரல் எழுத விருப்பமில்லாதவர்கள் deflicker-க்கு முன் இதை முயலலாம். முட்டிய வெள்ளைகளை அது நன்றாகக் கையாளும். ஆனால் அதுவும் ஃபிரேம் முழுவதையும் பார்ப்பதால், வேட்டிப் பிரச்சினையிலிருந்து முழு விடுதலை கிடைக்காது. ஷாட் ஷாட்டாக வெட்டித்தான் அதற்கும் கொடுக்க வேண்டும்.

காமிரா அசையாத ஷாட்டுகளுக்கு இதுவரை சொன்னது போதும். குடும்பப் படங்களில் காமிரா கையிலேயே இருக்கும், வாசலிலிருந்து கிணற்றடிக்குத் திரும்பும், சுவர் போய்விடும். அங்கே மாறாத பொருள் என்று ஒன்றும் இல்லை. அதற்கு மாற்று, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை மட்டும் ஒப்பிடுவது. இரண்டுக்கும் இடையே காமிரா நகர்ந்த அளவைக் கண்டு ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துங்கள். பொதுவான பரப்பில் புள்ளிக்குப் புள்ளி வெளிச்ச விகிதத்தை எடுத்து, அந்த விகிதங்களின் நடு மதிப்பைக் கண்டுபிடியுங்கள். நடக்கும் ஆள் பொதுப் பரப்பில் பாதிக்கும் குறைவாக இருக்கும்வரை நடு மதிப்பைப் பெரிதாக அசைக்க மாட்டார். இந்த விகிதங்களின் மடக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பதுதான் மேலே உள்ள நிரலில் L. கூட்டக் கூட்டச் சிறு பிழைகள் சேர்ந்து கோடு மெல்லச் சரியும். அதற்குக் கவலைப்பட வேண்டாம், மெதுவான சரிவை அடிக்கோடு தன்னோடு எடுத்துக்கொள்ளும். மிக வேகமாகக் காமிரா திரும்பும் இடங்களில் படம் முழுவதும் கலங்கியிருப்பதால் பொருத்தம் தவறும். அந்த அரை விநாடியைத் திருத்தாமல் விட்டாலும் கண் கண்டுபிடிக்காது.

எல்லாத் துடிப்பும் பிழையல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீபாவளி மத்தாப்பு, பூஜை ஆரத்தி, ஹோமத் தீ ஆகியவை உள்ள ஷாட்டுகளில் ஒளி உண்மையாகவே ஆடுகிறது. அதைச் சமப்படுத்தினால் தீ செத்துவிடும். வேறுபடுத்துவது எளிது. தீயின் ஒளி அருகிலுள்ள முகத்தில் அதிகமாகவும் தூரத்துச் சுவரில் குறைவாகவும் ஆடும், பிலிம் துடிப்பு இரண்டையும் ஒரே விகிதத்தில் ஆட்டும். முகத்தின் கோடும் சுவரின் கோடும் எங்கே ஒரே விகிதத்தில் சேர்ந்து குதிக்கின்றனவோ அங்கே மட்டும் கை வையுங்கள். பல வேளைகளில் அத்தகைய ஷாட்டை நான் தொடுவதே இல்லை.

திருத்தியது சரியா என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் நீங்கள் திருத்தப் பயன்படுத்தாத இடத்தில். சுவரை அளந்து சுவரை நிலைநிறுத்தியவர் மறுபடி சுவரை அளந்தால் எப்போதும் தேர்ச்சிதான். திண்ணை, மரத்தண்டு, தரை என்று வேறொரு செவ்வகத்தை எடுத்து, முன்பும் பின்பும் கோடு வரைந்து ஒப்பிடுங்கள். அங்கும் ஃபிரேமுக்கு ஃபிரேம் குதிப்பு ஒரு சதவீதத்துக்குள் அடங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். நம் கண் வெளிச்சத் துடிப்பை அதிகமாக உணர்வது விநாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 முறை வரும்போது. ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் 18 ஃபிரேம் படம் விநாடிக்கு ஒன்பது முறை துடிக்கிறது, அதாவது கண்ணுக்கு மிகவும் உறைக்கும் இடத்திலேயே. அதனால்தான் எண்ணில் சிறியதாகத் தெரியும் துடிப்பும் திரையில் அவ்வளவு தொல்லை தருகிறது.

அளவு தேறிய பிறகும் ஏதோ ஒன்று துடிப்பதாகத் தோன்றினால், அது பெரும்பாலும் பிலிமின் துகள். இருண்டு பதிவான ஃபிரேமைத் தூக்கும்போது அதன் துகளும் சேர்ந்து பெருகுவதால், வெளிச்சம் ஒன்றாகிவிட்டாலும் ஒரு ஃபிரேம் மிருதுவாகவும் அடுத்தது கரடாகவும் தெரியும். பெருக்கல் எண் 1.15-ஐத் தாண்டும் ஃபிரேம்களில் இது தெரியத் தொடங்கும் என்பது என் அனுபவம். துகளைக் குறைக்கும் வடிகட்டியை லேசாகப் போட்டால் வித்தியாசம் மறையும், ஆனால் அதைத் துடிப்பு அகற்றிய பிறகே போடுங்கள். அந்த வடிகட்டியும், தூசி, கீறல் நீக்கும் கருவிகளும், அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒரே பொருள் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் என்று நம்பி வேலை செய்பவை. துடிக்கும் படத்தைக் கொடுத்தால் வெளிச்சக் குதிப்பையே தூசி என்று எண்ணி நல்ல பகுதிகளைத் தின்றுவிடும். ஆட்டத்தை நிலைநிறுத்துவது, நிறம் திருத்துவது, கடைசியாக 25 ஃபிரேமுக்கு மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவில் செய்தாலும் இதே வரிசைதான்.

உங்கள் தாத்தா நடக்கும் ஷாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். காமிரா அசையாமல், சுவர் முழுதாகத் தெரிகிறது என்றால் அந்த ஒரு ஷாட்டுக்கு மேலே உள்ள நிரல் அப்படியே போதும். அவர் கடக்காத பக்கத்தில் செவ்வகத்தை வையுங்கள். வேட்டி துடித்தால், திருத்திய ஃபிரேம்களில் தொடர்ச்சியாக நான்கையும் அவற்றின் சுவர் எண்களையும் இங்கே போடுங்கள், வளைவு எப்படி அமைய வேண்டும் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.